நாற்பத்தைந்து ரூபாய்த் தண்ணீர்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். கேரளம்தான், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டுக்குள் தமிழ், ஆபீசுக்குப் போனால் மலையாளம். கேரளம் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் மழையையும் ஆற்றையும் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்துக்கு அது பொருந்தாது. மேற்கே கொட்டுகிற மழையில் பாதிகூட இங்கே வராது. வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டுமென்றால் தமிழ்நாட்டோடு போட்ட ஆழியாறு ஒப்பந்தப்படி மூலத்தறைத் தடுப்பணைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். போர் போட்டால் ஆழத்தில்தான் தண்ணீர் கிடைக்கும், கிடைக்கிற தண்ணீரும் உப்பாக இருக்கும். பஞ்சாயத்துக் குழாய் வாரத்தில் இரண்டு நாள் வரும். அதனால் எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர் என்பது இருபது லிட்டர் கேனில் வருவதுதான்.

படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த ஒன்றரை வருடம், அந்தக் கேன் தண்ணீர் போடும் பிளாண்டில்தான் கணக்கு எழுதினேன். ஊருக்கே ஒரு பிளாண்டு. முதலாளியை எல்லோரும் தண்ணிக்காரண்ணன் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நல்ல மனிதர். தண்ணீர் சுத்தமாக இருக்கும், ஒரு நாளும் லோடு தவறாது, சாவு விழுந்த வீட்டுக்குக் காசு வாங்காமல் பத்துக் கேன் இறக்குவார். கேன் நாற்பத்தைந்து ரூபாய். இருபது கிலோமீட்டர் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் அதே கேன் முப்பது ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பதினைந்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தக் கணக்கு நோட்டுதான் உதவியது. காலேஜில் பொருளாதாரப் பாடத்தில் ‘முற்றுரிமை’ என்று படித்திருந்தேன். ஒரு பொருளை விற்க ஒரே ஆள், வாங்குகிறவர் திரும்பிப் போக வேறு இடமில்லை, புதிதாக இன்னொருவர் கடை போடவும் சுலபத்தில் முடியாது. இந்த மூன்றும் சேர்ந்தால் முற்றுரிமை. பரீட்சைக்கு எழுதினேன், மறந்தேன். நோட்டில் பார்த்தபோதுதான் அது என்ன செய்கிறது என்று தெரிந்தது.

பொதுவாக எல்லோரும் நினைப்பது, ஒரே ஆள் விற்றால் இஷ்டத்துக்கு விலை வைப்பார் என்று. இல்லை. தண்ணிக்காரண்ணன் ஒரு தடவை அறுபது ரூபாய் வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று வாரத்தில் இறக்கிவிட்டார். “அறுவது வெச்சா சனம் பழையபடி குழாய்த் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கப் போயிருது கண்ணு, போணியே ஆகல” என்றார். மாற்றே இல்லாத பொருள் உலகத்தில் அபூர்வம். விலை ஏற ஏற ஜனங்கள் குறைத்துக்கொள்வார்கள், சகித்துக்கொள்வார்கள், இல்லாமல் இருந்துகொள்வார்கள். ஒற்றை வியாபாரிக்கும் அதுதான் கடிவாளம்.

அப்படியானால் ஏன் நாற்பத்தைந்து? வெயில் மாசத்தையும் கல்யாண மாசத்தையும் தள்ளிவிட்டு, சாதாரண நாட்களை மட்டும் எடுத்துப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். பிளாண்டு தொடங்கிய புதிதில் முப்பது ரூபாய் இருந்தபோது வீடுகளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 210 கேன் போயிருக்கிறது. நாற்பது ஆனபோது 165. நாற்பத்தைந்தில் 140. ஐம்பது வைத்துப் பார்த்த மாதத்தில் 110. கேன் ஒன்றை நிரப்பி, மூடி போட்டு, சீல் ஒட்டி, வீட்டு வாசலில் இறக்குவதற்குக் கரண்ட், ஃபில்டர், டீசல், இறக்குகிற பையனின் கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய். இட வாடகை, பிளாண்டுக் கடன் தவணை, என் சம்பளம் என்று கேன் போனாலும் போகாவிட்டாலும் நிற்கிற செலவு தனியாக நாளைக்கு ஆயிரம்.

முப்பது ரூபாயில் கேனுக்குப் பன்னிரண்டு மிச்சம். 210 கேனுக்கு 2,520. நாற்பதில் இருபத்திரண்டு மிச்சம். 165 கேனுக்கு 3,630. நாற்பத்தைந்தில் இருபத்தேழு மிச்சம். 140 கேனுக்கு 3,780. ஐம்பதில் முப்பத்திரண்டு மிச்சமானாலும் 110 கேன்தான், 3,520. மேலே போனாலும் நஷ்டம், கீழே வந்தாலும் நஷ்டம். நாற்பத்தைந்தில் குவிகிறது. அவர் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டாரா என்றால் இல்லை. ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், கல்லாவில் கைக்குக் கனமாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார்.

இதில் நான் வெகுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த இடம் ஒன்று உண்டு. நாற்பத்தைந்திலிருந்து நாற்பதுக்கு இறக்கினால் இருபத்தைந்து கேன் கூடுதலாகப் போகும். ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு ரூபாய் லாபம், ஆக 550 ரூபாய். பதினெட்டு ரூபாய் அடக்கமுள்ள பொருளை நாற்பதுக்கு வாங்க ஆள் தயாராக நிற்கிறது, விற்றால் லாபம், ஆனால் அவர் விற்கமாட்டார். காரணம், ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிற 140 பேருக்கும் ஐந்து ரூபாய் குறைக்கவேண்டிவரும். அது 700 ரூபாய். 550 சம்பாதிக்க 700-ஐ விடவேண்டும். அதனால் அந்த இருபத்தைந்து கேன் நிரம்பாமலே இருக்கும்.

இப்போது எதிர்ச்சாரியில் இன்னொருவர் பிளாண்டு போடுகிறார் என்று வையுங்கள். அவரிடம் வாடிக்கையே இல்லை. நாற்பதுக்கு விற்றால் அவர் இழக்க அந்த 140 பேர் இல்லை. வருகிற ஒவ்வொரு கேனும் அவருக்குப் புது வரவு. அதனால் அவர் இறக்குவார். இவருடைய வாடிக்கை அங்கே நகரும், இவரும் இறக்கியாகவேண்டும். போட்டி விலையைக் குறைக்கிறது என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது ஆள் நல்லவராக இருக்கவேண்டிய அவசியமில்லை, முதல் ஆள் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இறக்கினால் எனக்கு என்ன போகும் என்கிற கணக்கு ஒற்றை ஆளுக்கு ஒரு மாதிரி, வாடிக்கை இல்லாமல் வருகிறவருக்கு வேறு மாதிரி.

அந்த 70 கேனைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பதில் 210, நாற்பத்தைந்தில் 140. வாங்குகிற 140 பேர் ஆளுக்குப் பதினைந்து ரூபாய் கூடக் கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு 2,100. ஆனால் முதலாளிக்குக் கூடுதலாக வந்தது 1,260தான். மீதி 840 எங்கே? யார் கைக்கும் போகவில்லை. விற்காமல் விட்ட 70 கேனில் அவர் இழந்த லாபம் அது. அந்த 70 கேனை வாங்காமல் விட்டவர்களின் இழப்பு எந்த நோட்டிலும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதில் ஒருவர். தென்னந்தோப்பில் கூலி வேலை. முப்பது இருந்தபோது வாரம் மூன்று கேன் வாங்கினார். நாற்பத்தைந்து ஆனதும் ஒன்று, அதுவும் குழந்தைக்கு மட்டும். மற்றதற்குக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினார். விறகு, நேரம், உப்பு ருசி. விலையேற்றம் என்றால் கூடக் கொடுத்தவர்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வாங்காமல் ஒதுங்கிப் போனவர்கள் புகார்கூடச் சொல்வதில்லை. எனக்கு அவர்கள் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

கடைகளுக்குப் போகிற கேனுக்குத் தனி நோட்டு. முதல் தடவை அதைத் திறந்தபோது தப்பாக எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன். பரோட்டாக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அதே கேன் முப்பத்திரண்டு ரூபாய். நிறைய எடுக்கிறார்கள், அதனால் என்று நினைத்தேன். பரோட்டாக் கடை நாளைக்கு நான்கு கேன்தான். அண்ணனிடமே கேட்டேன்.

“மண்டபத்துக்காரரு பொள்ளாச்சியில இருந்து ஒரு வண்டி ஏத்திட்டு வந்துருவாரு. பரோட்டாக் கடைக்காரரு தெனம் காய்கறிக்கு அந்தப் பக்கம் போறவரு, வரும்போது நாலு கேனத் தூக்கிப் போட்டுட்டு வந்துருவாரு. வீட்டுக்காரங்க எங்கிட்டுப் போவாங்க?” என்றார்.

மறைக்காமல் சொன்னார், அதற்காக இன்றும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஒரு விலை ஏன் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அதற்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தண்ணீர் கிடைக்காமல், கரண்ட் விலை ஏறி, டீசல் ஏறி விலை கூடினால் எல்லோருக்கும் கூடும், அடக்கம் இறங்கும்போது இறங்கும். போக வேறு இடம் உள்ளவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு ஒரு விலை என்று இருந்தால் அது அடக்கத்தினால் வந்த விலை இல்லை. சித்திரையில் போர் அடியில் போய், டேங்கரில் தண்ணீர் வாங்கி பிளாண்டை ஓட்டியபோது கேன் அடக்கமே இருபத்தாறு ஆனது. அப்போது விலை ஐம்பது ஆனது. அதில் எனக்குக் குறை இல்லை. மழை வந்து அடக்கம் பதினெட்டுக்குத் திரும்பியும் ஐம்பதிலேயே ஒரு மாதம் நின்றது, அதுதான் வேறு கதை. அந்த மாதத்தைத்தான் மேலே 110 கேன் என்று சொன்னேன்.

சரி, இவ்வளவு லாபம் இருக்கிற தொழிலுக்கு இன்னொருவர் ஏன் ஓடி வரவில்லை? பிளாண்டுக்குப் பணம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், தண்ணீர் உள்ள போர் வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் பெரிய தடை இருந்தது காலிக் கேனில். வீட்டுக்கு ஒரு கேனுக்கு 150 ரூபாய் டெபாசிட். காலிக் கேனைக் கொடுத்தால்தான் நிறைந்த கேன். கேனில் அவர் பெயர் அச்சடித்திருக்கும். வேறொரு ஆள் வந்தால் அவர் அந்தக் கேனை எடுக்கமாட்டார், புது டெபாசிட் கேட்பார். பழைய டெபாசிட்டைத் திரும்பக் கேட்டால் “ரசீது எங்கம்மா?” என்று கேட்பார்கள். யாரிடம் ரசீது இருக்கும்? இரண்டு ரூபாய் மிச்சத்துக்காக 150-ஐ விட்டுக்கொடுத்து மாற யாருக்கும் மனம் வராது. புதிதாக வருகிறவரோ நாளைக்கு நூறு கேன் விற்க, நிறைந்தது, காலி, வண்டியில் இருப்பது என்று குறைந்தது முன்னூறு கேன் கையில் வைத்திருக்கவேண்டும். ஊரில் உள்ள காலிக் கேன் எல்லாம் ஒருவருடையதாக இருப்பதே மதில் சுவர்போல. அதை யாரும் சதி செய்து கட்டவில்லை, தொழில் முறையிலேயே எழும்பிய சுவர்.

நான் வேலையை விட்டுப் போன அடுத்த வருடம் இன்னொருவர் வந்தார். டெபாசிட் இல்லை, கேன் முப்பது என்று மைக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டே வாரத்தில் பழைய அண்ணனும் முப்பதுக்கு இறங்கினார். பக்கத்து வீட்டு அக்கா மறுபடியும் மூன்று கேன். அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஆறு மாதம் நீடித்தது. அதற்குமேல் நீடிக்காது என்று அந்த நோட்டைப் பார்த்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். முப்பதில் ஊருக்கு 210 கேன், ஆளுக்குப் பாதி என்றால் 105. பன்னிரண்டு ரூபாய் வீதம் 1,260. அதில் வாடகை, தவணைக்கு ஆயிரம் போனால் நாளைக்கு 260 ரூபாய். ஒரு கூலிக்காரரின் சம்பளம்கூட இல்லை. எங்கள் ஊர் இரண்டு பிளாண்டைத் தாங்கும் அளவுக்குப் பெரியது இல்லை. ஒரு நாள் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். ரகசியம் ஒன்றுமில்லை, ஊரே பார்த்தது. பஸ் ஸ்டாப்புக்கு வடக்கே உனக்கு, தெற்கே எனக்கு. மறுநாள் இருவர் விலையும் நாற்பத்தைந்து. தெற்குத் தெருவில் இருக்கும் அம்மா மற்றவருக்குப் போன் பண்ணினால், “அந்தப் பக்கம் லோடு வர்றதில்லீங்கம்மா” என்று பதில். 140 கேனைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு எழுபது, மிச்சம் 1,890. கணக்குச் சரியாகிவிட்டது, அவர்களுக்கு.

கடை இரண்டு இருந்தும் விலை ஒற்றைக் கடை விலை. அதனால்தான் எத்தனை பேர் விற்கிறார்கள் என்று எண்ணுவதில் அர்த்தம் இல்லை என்கிறேன். என் வாசலுக்கு எத்தனை பேர் வரத் தயாராக இருக்கிறார்கள் என்பதுதான் எண்ணிக்கை. விற்பவர்கள் கூடிப் பேசி விலையையோ ஏரியாவையோ பிரித்துக்கொள்வதற்குக் கார்ட்டல் என்று பெயர். நம் நாட்டில் 2002-ஆம் வருடத்துப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு இதைத் தடுக்கிறது. ஒரே பெரிய ஆளாக இருப்பதை அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த நிலையை வைத்துக்கொண்டு அநியாயம் செய்வதைத்தான் 4-வது பிரிவு பிடிக்கிறது. எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகவே படுகிறது. தண்ணிக்காரண்ணன் தனியாக இருந்தது அவர் முதலில் துணிந்து வந்ததால். டீக்கடைப் பேச்சு அப்படி இல்லை.

பெரிய அளவில் இதே டீக்கடைப் பேச்சுதான் சிமெண்டில் நடந்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் தீர்ப்பு எழுதியது. பதினோரு கம்பெனிகள், அவர்களுடைய சங்கம். அபராதம் ஆறாயிரம் கோடிக்குமேல். ஃபாக்டரியில் இன்னும் தயாரிக்க இடம் இருக்கும்போதே உற்பத்தியைச் சுருக்கி விலையை ஏற்றினார்கள் என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. வீடு கட்டிய ஒவ்வொருவருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். என் கண்ணுக்கு அது நிரம்பாமல் நின்ற 70 கேன்தான். கம்பெனிகள் மறுத்தன. 2015-ல் விசாரணை முறை சரியில்லை என்று அப்பீலில் அந்த உத்தரவு ரத்தானது, 2016-ல் ஆணையம் திரும்பவும் அபராதம் போட்டது, 2018-ல் அப்பீல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது, கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. இவ்வளவு வருடம். தண்ணீர்க் கேனுக்காக எங்கள் ஊரிலிருந்து யாரும் டெல்லிக்கு எழுதப்போவதில்லை என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

எல்லா இடத்திலும் இரண்டாவது ஆள் வந்தால் தீரும் என்றும் சொல்லமுடியாது. பஞ்சாயத்துக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு பேர் தனித்தனியாகக் குழாய் பதித்தால் செலவு இரட்டிப்பாகும், தண்ணீர் அதேதான். அப்படிப்பட்ட தொழிலில் ஒருவரே இருப்பதுதான் சிக்கனம். அதனால்தான் அதை அரசு கையில் வைத்துக்கொண்டு கட்டணத்தையும் அரசே சொல்கிறது. கேன் தண்ணீர் அந்த வகை இல்லை. அது சக்கரத்தில் வருகிற பொருள். பக்கத்து ஊர் பிளாண்டும் நம் ஊர்ச் சந்தையில்தான் இருக்கிறது, வண்டி வந்தால்.

வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிளாண்டு ஒன்றின் பிக்கப் வண்டி, சந்தை நாளான செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்தது. அவர்களுடைய வாடகையும் தவணையும் அவர்கள் ஊர் விற்பனையிலேயே கழிந்துவிடுகிறது. இங்கே கூடுதலாக ஆவது டீசல் மட்டும்தான். அதனால் முப்பத்தைந்துக்குக் கொடுக்க முடிந்தது. அதைவிட முக்கியம், எந்தப் பெயர் அச்சடித்த காலிக் கேனானாலும் வாங்கிக்கொண்டார்கள். ஓட்டை, விரிசல் இல்லாமல் இருந்தால் போதும். டெபாசிட் சுவர் அன்றைக்கே விழுந்தது. ஊர்க்காரர்கள் இருவரும் தங்கள் கேனைத் திருப்பித் தரச்சொல்லிப் பிக்கப் டிரைவரிடம் சண்டை போட்டார்கள். கடைசியில் வாரத்துக்கு ஒருமுறை மூன்று தரப்பும் காலிக் கேன்களைக் குவித்துப் போட்டு அவரவர் பெயர் பார்த்துப் பொறுக்கிக்கொள்வது என்று முடிவானது.

இப்போது ஊருக்குள் விலை முப்பத்தேழு. வண்டி வாரம் இரண்டு நாள்தான் வருகிறது, நடுவில் தீர்ந்துபோனால் ஊர்க்காரரிடம் வாங்கவேண்டும். அந்த இரண்டு ரூபாய் அதற்கு. போன ஓணத்துக்கு ஊருக்குப் போனபோது அம்மா திண்ணையில் இரண்டு காலிக் கேன் வைத்திருந்தாள், ஒன்று அண்ணனுடைய பெயர், ஒன்று பிக்கப் வண்டிக்காரருடையது. உள்ளே வைக்கலாமே, வழியில் இடிக்கிறதே என்றேன்.

“ரெண்டும் வெளிய தெரியட்டும். லோடு எறக்க வர்ற பையன் பாத்துட்டுப் போய்ச் சொல்லுவான்” என்றாள்.